பத்து நிமிடம் பேசாமல் பிடித்த மூக்கு

மிசிசாகா நகரில் நான் வேலை செய்யும் கிடங்கின் ஓய்வறைச் சுவரில், முதலுதவி தெரிந்தவர்களின் பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதில் மூன்றாவது பெயர் என்னுடையது. யாருக்காவது ஏதாவது நடந்தால் என்னைத் தேடி ஓடி வரவேண்டும். இதுவரை ஒருவரும் ஓடி வரவில்லை. அது அந்தக் கிடங்கு செய்த புண்ணியம்.

பட்டியலில் ஏறுவதற்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சம்பளத்தோடு உட்கார்ந்திருக்கலாம் என்றதும் நான்தான் முதலில் கை தூக்கினேன். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தச் சொன்னபோது, "இவர் பகுதிநேர வேலைக்காரரோ, முழுநேரமோ?" என்று கேட்டு வகுப்பைச் சிரிக்கவைத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் ஆசிரியை மூக்கில் இரத்தம் வருவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தவரின் கையை முக்கோணத் துணியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் எழும்பியபோது நாற்காலியும் எழும்பியது. எல்லோரும் சிரித்தார்கள். மூக்குப் பாடம் என் காதில் விழாமலே போய்விட்டது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த மூக்கு என்னைத் தேடி வந்தது.

எங்கள் வீடு டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் பதினான்காவது மாடி. மனைவி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. அங்கே கைத்தொலைபேசியைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட வேண்டும், இடைவேளையில்தான் எடுக்கலாம். வீட்டில் நானும் ஏழு வயது மகளும் மட்டும். அவள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, மூக்கு ஒழுகுது."

"உள்ளுக்க இழு," என்றேன், திரும்பாமலே.

இழுத்த சத்தம் கேட்டது.

"அப்பா, இது ரெட்டா ஒழுகுது."

திரும்பினேன். வாய், நாடி, வெள்ளைச் சட்டையின் முன்பக்கம், சோபாவின் கைப்பிடி, எல்லாம் சிவப்பு. அவ்வளவு சின்ன மூக்குக்குள் அவ்வளவு இரத்தம் எங்கே இருந்தது? சட்டுவத்தைக் கையில் பிடித்தபடி, "ஐயோ, ஆராவது வாங்கோ!" என்று கத்தினேன். அந்த வீட்டில் வரக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது.

முதலில் அவள் தலையைப் பின்னுக்குச் சாய்த்தேன். இரத்தம் கீழே வழிகிறது, ஆகவே மூக்கு மேலே பார்க்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் பொருந்தும் இந்தக் கணக்கு பிள்ளைக்கும் பொருந்தும் என்று நினைத்தேன். வழிவது நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்பா, தொண்டைக்குள்ள போகுது."

"விழுங்கு, பிள்ளை. உன்ர இரத்தம்தானே."

இதை நான் சொன்னேன். பட்டியலில் மூன்றாவது பெயர்.

அடுத்ததாக டிஷ்யூக் கடுதாசியைத் திரித்து இரண்டு மூக்குத் துவாரத்திலும் அடைத்தேன். பார்ப்பதற்கு யானைக்குட்டி மாதிரி இருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் படம் எடுத்திருப்பேன். அரை நிமிடத்துக்கு ஒருதரம் திரியை உருவி, நின்றுவிட்டதா என்று பார்த்தேன். உருவும்போதெல்லாம், நின்றுகொண்டிருந்ததும் திரும்பத் தொடங்கியது. உறையத் தொடங்கிய இரத்தத்தை நான்தான் உடைத்து உடைத்துவிடுகிறேன் என்ற அறிவு அப்போது எனக்கு இல்லை.

மனைவிக்கு எடுத்தேன், பூட்டிய பெட்டிக்குள் மணி அடித்து ஓய்ந்தது. றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் என் அண்ணனுக்கு எடுத்தேன். அவர் வீடு விற்றுக் கொடுப்பவர். ஆனால் எந்த வருத்தத்துக்கும் அவரிடம் ஒரு மருந்து இருக்கும்.

"அண்ணை, பிள்ளைக்கு மூக்கால ரத்தம்! நிக்குதில்லை!"

"உது சூடடா. ஹீற்றரைப் போட்டுட்டு வீட்டுக்குள்ள கிடந்தால் வேறென்ன? பிள்ளையை நிமித்திப் படுக்க வை. உச்சியில ஈரத் துவாயைப் போடு. வெங்காயத்தை வெட்டி மணக்கக் குடு."

"வெங்காயம் இல்லை அண்ணை, சட்னிக்கு முடிஞ்சுது."

"வெங்காயம் இல்லாமல் ஒரு வீடோ!" என்று அவர் வெங்காயத்துக்காக என்னை ஏசத் தொடங்கினார். நான் வைத்துவிட்டேன்.

பிள்ளையைக் குளியலறைத் தரையில் நிமிர்த்திப் படுக்கவைத்தேன். துவாயைக் குளிர்நீரில் தோய்த்து உச்சியில் போட்டேன். வெளியே பனி. உள்ளே என் பிள்ளை ஈரத் தலையோடு நடுங்கிக்கொண்டு, மேலே பார்த்தபடி, மடக்கு மடக்காக விழுங்கிக்கொண்டிருந்தாள். மூக்குக்கு வெளியே பெரிதாக ஒன்றும் வரவில்லை. அண்ணன் வென்றுவிட்டார் என்று நினைத்தேன்.

திடீரென்று அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்கள் பெரிதாகின. என் மடி நிறையச் சத்தி எடுத்தாள்.

அது சிவப்பு இல்லை. கறுப்பாக, கட்டி கட்டியாக இருந்தது.

அந்தக் கணத்தை நான் இன்றைக்கும் சிரிப்பாகச் சொல்லப் பார்க்கிறேன், முடிவதில்லை. அவள் வயிற்றுக்குள் ஏதோ வெடித்துவிட்டது, பிள்ளை போகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, மிகச் சின்னக் குரலில் கேட்டாள்: "அப்பா, ஆம் ஐ டையிங்? நான் சாகப்போறனோ?"

என்னிடம் ஒரு பகிடியும் இருக்கவில்லை.

தாதிகளோடு இலவசமாகப் பேசும் இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது மனைவிதான். அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தார். நான் கத்திய ஆங்கிலம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதது. அவர் என்னைக் கத்த விட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டார். பிள்ளை விழுந்தாளா, எங்காவது அடிபட்டாளா? இல்லை. மூச்சு விடுகிறாளா, பேசுகிறாளா, மயங்குகிறாளா? பேசுகிறாள். இரத்தம் உறையாத நோய் குடும்பத்தில் இருக்கிறதா, ஏதாவது மருந்து எடுக்கிறாளா? இல்லை. எவ்வளவு நேரமாக வருகிறது?

"ஒரு மணித்தியாலம்!"

"நோ அப்பா," என்றது தரையிலிருந்து ஒரு குரல். "கார்ட்டூன் இன்னும் முடியேல்லை."

பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

சத்தியைப் பற்றிச் சொன்னேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்தீர்களா என்று கேட்டார் தாதி. படுக்கவும் வைத்தேன் என்றேன். அப்படியானால் அது அவள் விழுங்கிய இரத்தம்தான், வயிற்றுக்குள் போனால் கறுத்துவிடும், வயிற்றைக் குமட்டும், என்றார். நான் விழுங்கச் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. இதை வாசிக்கும் உங்களுக்குத்தான் நானாக முதலில் சொல்கிறேன்.

பிறகு தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். பிள்ளையை நேராக இருத்தினேன். தலையைக் கொஞ்சம் முன்னுக்குக் குனிய வைத்து, அரிசி கழுவும் சட்டியை நாடிக்குக் கீழே பிடித்தேன். திரிகளை எடுத்தாயிற்று. வாயால் மூச்சு விடச் சொன்னேன். வாய்க்குள் வருவதை விழுங்காமல் துப்பச் சொன்னேன். மூக்கைப் பிடித்தேன்.

இன்னமும் வருகிறது என்றேன்.

"உங்கள் விரலுக்குள் இருப்பது கடினமாக இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா?"

கடினமாகத்தான் இருந்தது. கண்ணாடி அணிபவர்களுக்குக் கண்ணாடி உட்காரும் அந்த எலும்பை நான் நெரித்துக்கொண்டிருந்தேன். கீழே இறக்குங்கள், எலும்பு முடிந்து மெத்தென்ற பகுதி தொடங்கும் இடம், இரண்டு பக்கமும் ஒட்டும்படி அழுத்துங்கள், என்றார். இறக்கினேன்.

"அப்பா," என்றாள் மகள். சளித் தடிமன் பிடித்தவளின் அடைத்த குரல். அந்தக் குரல் வந்தால் சரியான இடம்தான் என்றார் தாதி.

"இனிப் பத்து நிமிடம். விடக்கூடாது, இடையில் திறந்து பார்க்கவும் கூடாது. பிள்ளையை அமைதியாக வைத்திருங்கள். நிற்காவிட்டால் இன்னொரு பத்து நிமிடம். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்."

தொலைபேசியில் பத்து நிமிடத்துக்கு மணி அடிக்க வைத்தேன். பத்து நிமிடம் என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு பிள்ளையின் மூக்கைப் பிடித்துப் பார்க்கவேண்டும். முதலாவது நிமிடத்திலேயே, அவள் முகத்தில் பயத்தைக் கண்டு, பழக்கதோசத்தில் வாய் திறந்தேன். "பெரியப்பா வெங்காயம் இல்லாத வீட்டை விக்கமாட்டாராம்..."

அவள் குலுங்கிச் சிரித்தாள். மூக்கு என் விரலிலிருந்து நழுவியது. சட்டிக்குள் சொட்டு, சொட்டு.

"சிரிக்க வைக்க வேண்டாம்," என்றார் தாதி. தமிழ் தெரியாதவருக்கும் விளங்கிவிட்டது. "திரும்ப முதலிலிருந்து."

என் வாழ்க்கையில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலையை அந்தப் பெண் தடைசெய்துவிட்டார். மணியைத் திரும்ப வைத்து, வாயை இறுக்கிக்கொண்டேன். மூன்றாவது நிமிடத்தில் கை மரத்தது. ஐந்தாவதில் ஒருக்கால் திறந்து பார்க்கலாமா என்று விரல் தானாகவே தளர்ந்தது. மகளின் சின்னக் கை வந்து என் விரலின் மேல் அழுத்தியது. "பார்க்க வேண்டாம்," என்றாள், அந்த அடைத்த குரலில். எட்டாவதில் எனக்குக் கண்ணீர் வந்தது. மூக்கைச் சீற எனக்குக் கை இல்லை. ஒன்றில் மூக்கு, மற்றதில் சட்டி.

மணி அடித்தது. விரலை மெல்ல மெல்ல எடுத்தேன்.

ஒன்றும் வரவில்லை.

இன்று மூக்கைச் சீறவோ நோண்டவோ விடாதீர்கள், குனிந்து விளையாட விடாதீர்கள், சூடாகக் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்றார் தாதி. குளிர்காலத்தில் வீட்டுக் காற்று காய்ந்துபோகும், அதனால்தான் பிள்ளைகளுக்கு இப்படி அடிக்கடி வருகிறது என்றும் சொன்னார். சூடு என்று சொன்ன அண்ணன் காரணத்தில் பாதியைப் பிடித்துவிட்டார். மருந்தில்தான் முழுவதும் தவறவிட்டார்.

பின்னேரம் மனைவி வந்தாள். குளியலறையைப் பார்த்து வாசலிலேயே கைப்பையைப் போட்டுவிட்டாள். நான் ஒரு வீரனின் கதையைத் தொடங்கினேன். இடையில் புகுந்த மகள், தலையைச் சாய்த்தது, திரி, துவாய், சத்தி, எலும்பு என்று ஒன்றும் விடாமல் ஒப்புவித்தாள். "விழுங்கச் சொன்னவர்," என்பதையும் சேர்த்து.

"விழுங்கச் சொன்னனீங்களோ?" மனைவியின் கண் என் மேல். "உங்கட பேரைத்தானே அங்க சுவரில ஒட்டி வச்சிருக்கினம்?"

"ஓம்," என்றேன்.

"பிறகு அப்பா பத்து நிமிசம் கதைக்கேல்லை, அம்மா."

மனைவி பிள்ளையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் நான் கண்ட உண்மையான அதிர்ச்சி அதுதான்.

மூன்று நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரம் மகளுக்கு மறுபடி வந்தது. நான் சட்டிக்கு ஓடுவதற்குள் அவள் கதிரையில் நேராக உட்கார்ந்து, குனிந்து, மெத்தென்ற இடத்தைப் பிடித்துவிட்டாள். நான் பக்கத்தில் போய் வாய் திறந்தேன். அவள் மற்றக் கையைத் தூக்கி, முதலில் அடுப்பின் மணிக்கூட்டைக் காட்டினாள். பிறகு என் வாயைக் காட்டினாள்.

மூடிக்கொண்டேன்.