ஷேக் பரீத் பாயின் ஒற்றைக் காற்றுக் குழாய்

ஷேக் பரீத் பாயோடு வேலை செய்த கொத்தனார்கள் எல்லோரும் ஒரு முறையாவது அவரைத் திட்டியிருப்பார்கள். அதிகமாகத் திட்டியவன் நான்தான். நான் சுவர் பூசி முடித்து, கை கழுவி, பீடி பற்றவைக்கிற நேரமாகப் பார்த்து வந்து நிற்பார். "அரங்கசாமி மேஸ்திரி, இந்த மூலைய மட்டும் கொஞ்சம் ஒடச்சுக் குடுத்துப்போடுங்க" என்பார். பூச்சின் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. ஆனால் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், அதைப் பார்த்துவிட்டு இடிக்க மாட்டேன் என்று சொல்ல நமக்கு வராது.

கோட்டைமேட்டுக்காரர். சில வருஷம் சவுதியில், வெள்ளைக்காரர்கள் குடியிருந்த ஒரு காலனியில் குழாய் வேலை பார்த்தவர். மற்றவர்கள் அங்கிருந்து டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டு வந்தார்கள். இவர் கொண்டு வந்தது, கக்கூஸ் பைப்பை இப்படித்தான் போட வேண்டும் என்கிற பிடிவாதம். இந்த மனுஷனோடு அவர் மனைவி சாஜிதா பேகம் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாரோ என்று நான் அவர் முகத்துக்கு நேரே கேட்பேன். "எங்கூட்டுப் பைப்பை மட்டும் தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாளுங்க" என்பார். உண்மைதான். ஒரு வேலையை அவர் தொடங்கினால் வீடு நாலு நாளைக்குக் கலைந்து கிடக்கும்.

தொண்ணூற்று நான்கு தை மாசம், செல்வபுரத்தில் கண்ணையா வீட்டு வேலை வந்தது. கண்ணையா மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. கக்கூஸோ கொல்லைக் கடைசியில். மகன் சாய்குமார்தான் தூக்கிக்கொண்டு போய் வருவான். பையன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்பாவுக்குத்தான் கூச்சம். மகனைக் கூப்பிட மனசில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். "தண்ணி குடிச்சாத்தானுங்களே போகோணும்" என்று எங்களிடம் அவரே சொன்னார். அவர் அறையை ஒட்டியிருந்த ஸ்டோர் ரூமைக் குளியலறையாக மாற்றிவிடுவது என்று அவர் மனைவி வரலட்சுமி முடிவு செய்திருந்தார்.

இடம்தான் வம்பு. ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர், அதைத் தொட முடியாது. இன்னொரு பக்கம் பூஜை அறைச் சுவர். பேசின், ஷவர், கக்கூஸ் மூன்றுக்கும் தனித்தனியே மாடி வரைக்கும் காற்றுக் குழாய் ஏற்றினால், ஒன்றுக்குத்தான் மூலையில் இடம், மற்றவை பூஜை அறைச் சுவரில்தான் ஏறும். வரலட்சுமி ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "ஏனுங்க பாய், சாமிக்கு முதுகுப் பக்கம் கக்கூஸ் பைப்புங்களா? அது ஆகாதுங்க."

"ஒரே பைப் போதுங்க அக்கா" என்றார் பாய். "பேசினுக்கு மேல, அந்த மூலையில நேரா மாடிக்குப் போயிரும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சவுதி வித்தை நம்மூருக்கு ஆகாது என்றேன். குழாய் வளைவில் நிற்கிற தண்ணீர்தான் உள்ளேயிருந்து நாற்றம் வராமல் தடுக்கிறது. கக்கூஸில் தண்ணீர் திறந்துவிட்டால் அது போகிற வேகத்தில் பின்னால் காற்றை இழுக்கும். காற்றுக்கு வழி இல்லையென்றால் வளைவுத் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இது எனக்கும் தெரியும். மூன்றுக்கும் ஒரே குழாய் எப்படிக் காற்றுக் கொடுக்கும்? பாய் தரையில் கரித்துண்டால் கோடு போட்டார்.

"பேசின் தண்ணி போற பைப்பையே பெருசா, ரெண்டு இஞ்சுல போட்டர்லாம். பேசின் தண்ணி அடியில ஓடும். மேல்பாதி சும்மாதானே கெடக்கும்? மாடியில இருந்து வர்ற காத்து அதுவழியாப் போயி ஷவருக்கும் கக்கூஸுக்கும் சேந்துக்கும்."

கோட்டில் முதலில் பேசின், அடுத்து ஷவர், கடைசியில் கக்கூஸ். வரிசை மாறக்கூடாது என்றார். கக்கூஸை முன்னால் வைத்தால் அதன் தண்ணீர் மற்றவற்றின் காற்று வழியை அடைத்துக்கொள்ளுமாம். சமையலறைத் தொட்டியையும் இதிலேயே சேர்த்துவிடலாமே என்று வரலட்சுமி கேட்டதற்கு, எண்ணெய்ப் பிசுக்கு பைப்பில் படிந்துவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வேலை முடிந்தது. கண்ணையா தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார் என்று சாய்குமார் வந்து சொன்னான். அன்று பாய் எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

பங்குனியில் அதே சாய்குமார் வந்தான். முகமே சரியில்லை. குளியலறையில் உட்கார முடியாத நாற்றம். கூட்டிவந்து காட்டிய வேறு பிளம்பர், பூஜை அறைச் சுவரை உடைத்து இன்னொரு குழாய் போடு, இல்லையென்றால் இந்தக் கக்கூஸையே பூசி மூடிவிடு என்றாராம். "அப்பாவ மறுபடியும் கொல்லைக்குத்தான் தூக்கிட்டுப் போறனுங்க. தண்ணி சொம்பைக் கையில குடுத்தாலும் வேண்டாங்கறாரு" என்றான்.

போனோம். பாய் எல்லா வளைவிலும் தண்ணீர் ஊற்றி நிரப்பினார். கக்கூஸில் திறந்துவிட்டார். ஷவர் மூலையில் களக் களக்கென்று சத்தம் வந்து, நின்ற தண்ணீர் உள்ளே இறங்கிப் போனது. "சவுதி வித்தை நம்மூருக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னனா இல்லையா?" என்றேன். வழக்கமாகத் திருப்பிக் கொடுக்கிறவர், அன்று அடுத்த அறையைக் கையால் காட்டினார். அங்கே கண்ணையா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"மேல இருந்து காத்தே வரலீங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார்.

மாடி முழுக்க வெள்ளை வேட்டி விரித்து, வரிசை வரிசையாக அரிசி வடகம். அவற்றுக்கு நடுவே, மாடிப்படிச் சுவரை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு நம் காற்றுக் குழாய். அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

பின்னாலேயே ஏறி வந்த வரலட்சுமி, "வடகம் புழிய உக்காந்தா அதுல இருந்து ஒரே நாத்தமுங்க பாய். அதான் கட்டிப்போட்டேன்" என்றார். "தண்ணி போறதென்னமோ கீழ்ப் பைப்புல தானுங்களே?" பாயின் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அப்ப நானுங்களா? நான்தான் அவரை இப்படிப் படுத்தி வெச்சனா?"

"இல்லீங்க அக்கா, தப்பு எம்மேல" என்றார் பாய். "நான் வேல பாத்த ஊர்ல மாடிக்கு ஒருத்தரும் ஏற மாட்டாங்க. முட்டி ஒசரம் போதும். அதே பழக்கத்துல இங்கயும் நிறுத்திப்போட்டேன். நம்மூர்ல மாடியும் ஒரு சமையல்கட்டுதான்னு எனக்குத் தோணலீங்க."

சமாதானத்துக்குச் சொன்னதல்ல அது. சொல்லும்போது அவருக்கே அவமானமாக இருந்தது. நான் எத்தனையோ முறை திட்டிய அந்த மனுஷன்மேல் அன்றைக்குத்தான் எனக்கு எவ்வளவு பிரியம் என்று தெரிந்தது.

பையை அவிழ்த்தார். உக்கடத்திலிருந்து நான் பைப் வாங்கி வந்தேன். ஆள் உயரத்துக்கு மேலே போகும்படி குழாயை நீட்டி, மாடிப்படிச் சுவரோடு கிளாம்ப் அடித்து, உச்சியில் ஒரு வலைமூடி வைத்தார். கீழே வந்து வளைவுகளில் மறுபடி தண்ணீர் நிரப்பினார்.

சாய்குமார் அப்பாவைத் தூக்கக் குனிந்தான். கண்ணையா அவன் கையை விலக்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தானே உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

"தாப்பா போடாதீங்க, உழுந்து கிழுந்து வெச்சா என்ன பண்றது?" என்று வரலட்சுமி பதறினார்.

"என்ற கதவ நான் சாத்தக்கூடாதா? எல்லாரும் அந்தப் பக்கம் போங்க" என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. மில்லில் ஆட்களை வேலை வாங்கிய குரல் அது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. பாய் காதைக் கதவில் வைத்தார். களக்கென்று ஒரு சத்தம்கூட இல்லை. வரலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நாங்கள் இரண்டு பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சாமான்களை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு, கண்ணையா சொன்னபடி அந்தப் பக்கம் போனோம்.