திரையில் தெரிந்த பதினேழு

"மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லைங்க. அடுக்கற அக்காவுக்குத்தான் கைப்பதம் பத்தல" என்று போனில் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஒரு வார்த்தையால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது.

எனக்குத் தொழில் மோட்டாரும், அதை ஆட்டிவைக்கிற டிரைவும். அஸ்தம்பட்டியில் வீடு, நாமக்கல் ரோட்டில் ஒரு சின்னப் பட்டறை. யாருக்காவது ஒரு மெஷின் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும், சொன்ன நேரத்தில் கிளம்ப வேண்டும் என்றால் என்னிடம் வருவார்கள். அப்படித்தான் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை முதலாளி வந்தார். அவருடைய முட்டைக் கொட்டகைக்கு ஒரு வட்ட மேஜை வேண்டும். நாலு இடம். முதல் இடத்தில் ஒரு ஆள் ஆறு தட்டு முட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். மேஜை கால் சுற்று சுற்றி நிற்கும். அடுத்த இடத்தில் சீட்டு ஒட்டுவது, அதற்கடுத்து பிளாஸ்டிக் தாள் சுற்றுவது, கடைசியில் இறக்குவது. இவ்வளவுதான் மெஷின்.

மேஜைக்குப் பத்து மில்லி தகடு என்று வரைபடம் போட்டுக் கொடுத்தேன். செய்து கொடுத்தவர் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்குச் சட்டம் கட்டுகிற ஆள். தரையை ஆயிரம் அடி துளைக்கிற வண்டி கட்டுகிற கைக்குப் பத்து மில்லி எல்லாம் அப்பளம். இருபது மில்லித் தகட்டில் வெட்டி, போதாதென்று ஓரத்தில் ஒரு பட்டை வளையத்தையும் சுற்றிப் பற்றவைத்துக் கொண்டு வந்து இறக்கினார்.

"ஏனுங்க, நான் கேட்டது என்ன, நீங்க கொண்டாந்தது என்ன?" என்று கத்தினேன்.

"வெயிட்டா இருந்தாத்தானுங்க அம்மிணி ஆடாது. தகட்டுக்கு ஒரு பைசா சேத்திக் கேக்க மாட்டேன், போங்க" என்றார். எங்கள் பக்கத்தில் அது ஒரு மரியாதை. கனமாகச் செய்து கொடுத்தால் மனசாரச் செய்து கொடுத்தான் என்று அர்த்தம்.

நான் கோபத்தோடு காகிதத்தை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். இந்தக் கனத்தை என் மோட்டார் இழுக்குமா? தாராளமாக இழுக்கும். நாற்பதுக்கு ஒன்று கியர்பாக்ஸ், மோட்டாரின் முறுக்கு நாற்பது மடங்காக மேஜைக்குப் போகிறது. சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். லாரிக்காரர்கள் கேட்கிற அதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன், இழுக்குமா என்று. நிற்குமா என்று கேட்கவில்லை.

படிப்பில் அதற்குத் தனிக் கணக்கு உண்டு. ஒரு சுற்றும் பொருளைக் கிளப்பவும் நிறுத்தவும் எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்பதற்கு இனர்ஷியா என்று பெயர். எடை மட்டும் போதாது, அந்த எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேரும், அதுவும் வர்க்கமாகச் சேரும். அதனால் ஓரத்தில் வைத்த பட்டை, நடுவில் வைத்த தகட்டைவிடப் பெரிய வில்லன். மோட்டாருக்குள் சுற்றுகிற ரோட்டருக்கும் ஒரு சின்ன இனர்ஷியா உண்டு. கியர்பாக்ஸ் வழியாகப் பார்க்கும்போது மேஜையின் இனர்ஷியா, கியர் விகிதத்தின் வர்க்கத்தால் வகுபட்டு மோட்டாருக்குத் தெரியும். நாற்பது என்றால் ஆயிரத்து அறுநூறால் வகுக்க வேண்டும். அப்படி வகுத்து வருவது ரோட்டரைப்போல எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். என் பழைய வரைபடத்துக்கு முட்டையோடு சேர்த்து எட்டு மடங்கு. எட்டு மடங்குவரை என்றால் மேஜையைத் துடிக்காமல் நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் போகப் போகச் சிரமம்.

மேச்சேரிக் கிடா ஒன்றைக் கயிறு கட்டிச் சின்னப் பிள்ளை கையில் கொடுத்தால் எப்படியோ இழுத்துக்கொண்டு போய்விடும். இந்த இடத்தில் நிறுத்து என்றால்தான் தெரியும் சங்கதி. பிள்ளை நிற்கும், கிடா நாலடி போகும், கயிறு இழுபடும், பிள்ளை திரும்ப இழுக்கும். கியர் பல்லுக்கு நடுவில் இருக்கிற தொளதொளப்பும் தண்டின் முறுக்கலும்தான் இங்கே கயிறு.

மெஷின் ஓட்டிக் காட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் ஓட்டிவிட வேண்டும் என்று முதலாளி வீட்டம்மா தட்டில் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக நிற்கிறார். மேஜையில் முட்டையை வைத்து, அந்த மடங்கை டிரைவைத் தானாக அளந்துகொள்ளச் சொன்னேன். மேஜை முன்னும் பின்னும் நாலு தடவை அசைந்தது. திரையில் எண் வந்தது. பதினேழு.

பார்த்தேன். அதில் சந்தேகமே வேண்டாம். எட்டு வர வேண்டிய இடத்தில் பதினேழு. மணி பத்து இருபது. "ஆச்சுங்களா அம்மிணி?" என்று பின்னாலிருந்து குரல். ஓகே பட்டனை அழுத்தினேன். பழம் நசுங்கியது, மேஜை சுற்றியது, எல்லோரும் கை தட்டினார்கள். இலையில் பருப்பும் நெய்யும் விழுந்தபோது பதினேழு எனக்கு மறந்தே போய்விட்டது.

அன்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது முதல் இடத்தில் நின்ற அக்கா என்னைக் கூப்பிட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கொட்டகைக்குப் பழைய ஆள், புருசன் இல்லாத குடும்பத்தை அந்தச் சம்பளத்தில் நடத்துகிறவர். உள்ளங்கையை மேஜைமேல் அப்பி வைத்திருந்தார்.

"மேடம், இது நின்னதுக்கு அப்புறமும் உள்ள நடுங்குதுங்க. தொட்டுப் பாருங்க."

"புது மெஷின் அப்படித்தாங்கக்கா இருக்கும். நீங்க பதமா வைங்க, போதும்" என்றேன். தொட்டுப் பார்க்கவில்லை. கையில் வெற்றிலைப் பாக்குப் பை இருந்தது.

பத்து நாளில் முதலாளி போன் செய்தார். அடித்தட்டில் முட்டை கீறல் விடுகிறது, தினமும். அப்போதுதான் நான் அந்தக் கைப்பதப் பேச்சைப் பேசினேன். அவரும் ஆமாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன் என்றார். மறுநாள் கொட்டகை நடுவில், இறக்குகிற ஆட்கள், வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் அக்காவைத் திட்டி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். எனக்கு அது அப்போது தெரியாது.

அடுத்த போனில்தான் தெரிந்தது. "புது ஆளு போட்டும் அதே கதைதானுங்க அம்மிணி."

அன்று போய் மேஜைமேல் கையை வைத்தேன். கடவுளே! மேஜை நின்றுவிட்டது என்று கண் சொல்கிறது, கைக்கு அடியில் தகடு நாலைந்து தடவை துடித்துத்தான் அடங்குகிறது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மேலே ஐந்து தட்டின் பாரத்தோடு அடித்தட்டு முட்டை அந்தத் துடிப்பை வாங்குகிறது. டிரைவின் பிடிப்பைக் குறைத்துப் பார்த்தேன். துடிப்பு போனது, ஆனால் மேஜை ஆற அமர வந்து நிற்க ஆரம்பித்தது, லோடு தேங்கியது. பிடிப்பைக் கூட்டினால் கியர்பாக்ஸ் உறுமியது. டிரைவைத் திறந்தால் பழைய எண் அப்படியே இருக்கிறது. நான் பார்த்த பதினேழு, யாரும் அழிக்காத பதினேழு. எனக்கு என்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, ஸ்குரூ டிரைவரைத் தூக்கித் தரையில் அடித்தேன்.

முதலாளி அறைக்குப் போய், "கியர்பாக்ஸ் மாத்தணுங்க, என் செலவுல. அந்தக்காமேல தப்பு இல்ல, வரச் சொல்லுங்க" என்றேன். தப்பு யார்மேல் என்று சொல்லாமல் எழுந்து வந்தேன். ரிக்காரரைக் கூப்பிட்டு அந்த வளையத்தை அறுத்துத் தரச் சொன்னேன். "மெஷின் ஓடற எடத்துல வந்து என்ற வேலைய நானே அறுக்கோணுமாக்கும்?" என்று அவர் போனை வைத்துவிட்டார். பெரிய மோட்டார் போட்டால் ரோட்டரும் பெரிதாகும்தான், ஆனால் டிரைவிலிருந்து பெட்டிவரை எல்லாம் மாறும். விகிதம் மாற்றுவதுதான் வழி. கோயம்புத்தூரிலிருந்து அதே அளவுக் கூட்டில் அறுபதுக்கு ஒன்று கியர்பாக்ஸ் வரவழைத்தேன். மோட்டார் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும், அதற்கு அதில் இடம் இருந்தது. ஒன்றரையை வர்க்கம் செய்தால் இரண்டேகால். பதினேழை அதால் வகுத்தால் எட்டுக்குள் வந்துவிடும்.

கியர்பாக்ஸ் மாட்டுகிற அன்று காலையில் முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார். "அந்தப் புள்ள வாரேன்னு சொல்லுச்சுங்க. ஆனா ஒரு கண்டிசன். எந்த எடத்துல வெச்சு என்னைப் பேசுனாங்களோ, அதே எடத்துல வெச்சு, தப்பு என்மேல இல்லைன்னு சொன்னாத்தான் வேலைக்கு நிப்பேன்ங்குது."

எனக்குச் சுருக்கென்றது. என்ன திமிர் என்றுகூடத் தோன்றியது. நான் செலவு பண்ணி மாற்றுகிறேன், வேலை திரும்பக் கிடைக்கிறது, இன்னும் என்ன? போல்ட்டை முறுக்கிக்கொண்டே மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். கடைசிப் போல்ட் வரும்போது சண்டை போட என்னிடம் ஒன்றும் இல்லை.

முட்டையை வைத்து அளக்கச் சொன்னேன். திரையில் ஏழரை வந்தது. எங்கள் ஊரில் ஏழரை என்றால் சனி பிடித்தது என்பார்கள், எனக்கு அன்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா வாசல் பக்கம் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. கொட்டகையில் பதினைந்து பேர் இருப்பார்கள். மெஷினை நிறுத்திவிட்டு, எல்லோரும் இங்கே பாருங்க என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பச் சொன்னேன்.

"முட்டை உடைஞ்சது இந்தக்காவால இல்ல. என்னால. மேஜை கனம்னு மெஷினே எனக்கு மொத நாள் சொல்லுச்சு, நான் பார்த்தேன், விட்டுட்டேன். அக்காவும் அன்னிக்கே சொன்னாங்க, அதையும் கேக்கல. அப்புறம் பழியத் தூக்கி அவங்க மேல போட்டதும் நான்தான்."

முதலாளி தரையைப் பார்த்தார். அக்கா மெதுவாக நடந்து வந்து தன் இடத்தில் நின்றார். மெஷினை ஓட்டச் சொல்லிக் கை காட்டினார். மேஜை கால் சுற்று வந்து நின்றது. உள்ளங்கையை அப்பி வைத்துக் காத்திருந்தார், அடுத்த சுற்றுக்கும் அதற்கடுத்த சுற்றுக்கும்.

"இப்பத்தானுங்க நிக்குது" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்து, தன் கைக்குப் பக்கத்தில் தகட்டின்மேல் வைத்தார். "நீங்களும் தொட்டுப் பாருங்க."