இரண்டாவது சாட்சி

குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புறம்போக்குச் சரிவைத் திருத்தி வாழை வைத்திருந்தார். அதற்குப் பட்டா கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இடது பெருவிரல் ரேகை வைக்கலாம், ஆனால் அவரை அறிந்த, எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் அதை நேரில் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் போடி ஆபீஸ் குமாஸ்தா.

ஒரு சாட்சி நான். மலையில் எழுதத் தெரிந்த இன்னொருவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான்.

"சொந்த நெலம் வந்துட்டா நாளைக்கு வேலைக்கு வருவியாடா?" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

நானும் பக்கத்து வீட்டுக்காரரும் போடிக்கு இறங்கினோம். வழக்கமாக அவரிடம் வாழைத்தார் வாங்கும் கடைக்காரர், "தோட்டத்து மொதலாளிய நான் பகைக்க முடியாதுப்பா" என்றார். ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவரோ, "தெரியாத ஆளுக்கு எப்படிண்ணே சாட்சி போடுறது?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

அடுத்த மழைக்குள் அந்தச் சரிவு கணக்கப்பிள்ளையின் மைத்துனருக்குப் பட்டாவானது. மைத்துனருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், சாட்சி தேவைப்படவில்லை.

வாழையை வெட்டிக்கொள்ளக்கூட பக்கத்து வீட்டுக்காரரை அவர்கள் விடவில்லை.

"வெரலு இருந்து என்ன மாப்ளே, பாத்தேன்னு சொல்ல ஆளு வேணுமில்ல" என்றார். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.