உப்பிப் போன ஒரு பார்சல்

தாராவியில் ஹாஃபிஸாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்பார்கள். குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் மற்ற குடங்கள் தானாக ஒதுங்கி வழிவிடும். அப்படிப்பட்டவள், ஆன்லைன் கம்பெனி அனுப்பிய, விற்ற பணத்துக்கான வாராந்திர செட்டில்மெண்ட்டை போனில் பார்த்ததும் வெலவெலத்துப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

புருஷன் இனாயத்துல்லா மாடியில் தோல் பை தைப்பார். விற்பது முழுக்க அவள் பேரில் இருக்கும் ஆன்லைன் கணக்கில்தான். கடைக்காரர்கள் இவர்களிடம் வாங்குவதை நிறுத்தி வெகுகாலமாகிவிட்டது. அந்தக் கணக்கு முடங்கினால் அடுப்பும் முடங்கும்.

இருவரும் பைகளை மடித்துத் தட்டையாக உறையில் போட்டு அனுப்புவார்கள். ஒன்று அரைக் கிலோகூட வராது. இந்த வாரமோ ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு கிலோவுக்கான அனுப்புக் கூலியைப் பிடித்திருந்தார்கள். பார்சல் கனமில்லாவிட்டாலும் இடத்தை அடைத்தால், நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கி அதையும் எடைக் கணக்கில் சேர்ப்பார்கள். எது அதிகமோ அதற்குத்தான் கூலி. இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தட்டைப் பார்சலுக்கு எங்கிருந்து வந்தது இரண்டு கிலோ?

பார்சலைத் தராசில் வைத்து, பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் படமெடுத்துப் புகார் போட்டாள். பதில் வந்தது. புகார் தள்ளுபடி. கிடங்கில் மெஷின் அளந்தபோது எடுத்த படம் கூடவே இருந்தது. நீங்கள் காட்டிய பார்சல் வேறு, நாங்கள் அளந்தது வேறு. இன்னும் ஒரு முறைதான் முறையிடலாம். பொய்யென்று தெரிந்தால் கணக்கை நிறுத்திவைத்து விசாரிப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

யா அல்லா! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உறைக்குள் பூசணிக்காயை வைத்த மாதிரி உப்பி நின்றது பார்சல். மேலே குறுக்கும் நெடுக்குமாக இரட்டை டேப். அப்படி ஒட்டுகிற கை இந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு.

மாடியேறினாள். போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது யாரு கட்டுனது?"

இனாயத்துல்லா படத்தைப் பார்த்தார், பிறகு ஊசியைப் பார்த்தார். "நாந்தாம். கசங்கி வருமான்னு ஆர்டர் போட்ட பொண்ணு கேட்டிருந்துச்சுல்லா? உள்ள தோலு வெட்டுன கத்தரனும் பேப்பரும் திணிச்சு நிக்க வச்சு அனுப்புனேன். ஒண்ணே ஒண்ணுதாம் புள்ள."

"அந்த ஒண்ண அளந்துட்டுதாம் எல்லாத்துக்கும் போட்டுருக்கான்! நம்ம கணக்கே போவப்போவுது."

அவர் முகம் வெளுத்தது. "அப்ப அத சொல்லாண்டாம். மெஷின் தப்புன்னே எழுதிரு."

எழுதத்தான் உட்கார்ந்தாள். பொய் சொல்லிச் சிக்கினால் கணக்கு போகும். உண்மையைச் சொன்னால், ஒப்புக்கொண்டாயே என்று எல்லாப் பணத்தையும் அப்படியே வைத்துக்கொண்டால்? கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். இந்த எண் ஆர்டர் மட்டும் எங்கள் தப்பு, அதற்குப் பிடித்தது பிடித்ததாகவே இருக்கட்டும். மற்றதெல்லாம் தட்டையாகப் போனவை, அடுத்து வரும் பார்சல்களை அளந்து பாருங்கள்.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். இந்தியில் நிதானமாகத்தான் பேசினாள்: இனி வரும் பார்சல்களைத் திரும்ப அளப்போம், அதுவரை இரண்டு கிலோக் கட்டணம்தான் ஓடும், ஒரு பார்சலாவது தட்டையாக இல்லாவிட்டால் முறையீடு தள்ளுபடி. "ஜி மேடம்" என்பதைத் தவிர ஹாஃபிஸாவின் வாயில் ஒரு சொல் வரவில்லை. அந்தக் குழாயடி வாயா இது!

அன்றிலிருந்து அவளுக்குக் கம்பெனியைவிடப் புருஷன் கையைப் பார்த்துத்தான் பயம். அவர் பார்சல் கட்டும்போது மாடியிலேயே நின்றாள். அவர் ஒரு பையை எடுத்து, வாய்ப்பக்கம் தடவி, நிமிர்த்திப் பார்ப்பார். அவள் நெஞ்சு திக்கென்னும்.

"என்னங்க... உங்களுக்குக் கோடிப் புண்ணியமா போவும். மடிங்க."

மடிப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மடிப்பார். பார்சல் எடுக்க வருகிறவன் மூட்டையை வண்டியில் எறியும்போதெல்லாம், ஏதாவது ஒன்று உப்பியிருக்குமோ என்று அவள் தெருமுனைவரை பின்னாலேயே ஓடினாள். சோறு இறங்கவில்லை. போன் சிணுங்கினால் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த செட்டில்மெண்ட் வந்தபோது திறக்கப் பயந்து போனை அவரிடமே கொடுத்தாள். அவர் கண்ணுக்கு எழுத்து பிடிபடவில்லை. வேறு வழியின்றி அவளே பார்த்தாள். கூடுதலாகப் பிடித்ததெல்லாம் திரும்பி வந்திருந்தது, அந்த ஒரு ஆர்டரைத் தவிர. கீழே, உங்கள் கணக்கு நல்ல நிலையில் உள்ளது என்று ஒரு வரி. ஹாஃபிஸா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

இனாயத்துல்லா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்த ஒண்ணுக்கு மட்டும் புடிச்சுக்கிட்டானோ?"

"ஆமா. அது போச்சு."

"போவட்டும் புள்ள," என்றார். "அது ஒண்ணுதாம் மடியாம, பையாட்டம் போய்ச் சேந்துருக்கு."