அரபுக்கு ஆறு மாதம்

என் அண்ணா அரபு நாடொன்றில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருட ஒப்பந்தம். முடிந்ததும் லீவும் விமான டிக்கெட்டும் தருவார்கள். அண்ணியும் நானும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறைகள் இரண்டில் வாடகைக்கு இருந்தோம். அண்ணா போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த மகள் இப்போது ஓடித் திரிந்தாள். அப்பா எங்கே என்று கேட்டால், சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டுவாள்.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கையில் அண்ணா தொலைபேசியில் ஒரு சங்கதி சொன்னார். லீவுக்கு முன்னம் கொம்பனி புதிதாக ஒரு தாள் நீட்டுமாம். அரபில் மட்டும் இருக்குமாம். விருப்பமென்றால் கையெழுத்து வைக்கலாம், இல்லாவிட்டால் பழைய ஒப்பந்தப்படி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் தடவை ஏஜென்சிக்காரன் தந்த தமிழ்த் தாளில் ஒரு சம்பளமும், அங்கே போய்க் கையெழுத்து வைத்த அரபுத் தாளில் அதிலும் குறைந்த இன்னொன்றும் இருந்தன. அந்தச் சூடு அவருக்கு ஆறவில்லை.

"தாளின்ரை கொப்பியை அனுப்புறன். ஆரிட்டையாவது குடுத்து வாசி தங்கச்சி. ஏஜென்சிப் பக்கம் போயிடாதை" என்றார்.

"ஆரிட்டையும் குடுக்கத் தேவையில்லை. ஆறு மாசம் கிடக்கு. நானே படிச்சு வாசிக்கிறன்" என்றேன்.

இப்படிச் சொல்கிற குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அண்ணா சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை, அவள் நம்பினாள்.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் நான் தட்டச்சு வேலை பார்த்தேன். அடுத்த மேசையில் தெமட்டகொடையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண் இருந்தாள். என் வயதுதான். பெண்களுக்கான அரபுக் கல்லூரியொன்றில் ஐந்து வருடம் படித்தவள். எனக்கு அரபு வாசிக்கப் பழக வேண்டும் என்றபோது அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னத்துக்கு?"

"சும்மா ஒரு ஆசை" என்றேன்.

அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் வீட்டு ஆண்பிள்ளை எங்கே இருக்கிறான் என்று வெளியில் மூச்சு விட மாட்டோம். வெளிநாட்டில் என்றால் எதற்குப் போனான், யார் அனுப்பினது என்று கேள்வி வரும். பதில் பொலிஸ் வரைக்கும் போகும் என்று பயம். கந்தோரில் எனக்கு ஒரு தமையன் இருப்பதே யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம் வீட்டில் பெண்கள் மட்டும்தான் என்று சொல்லி வைத்திருந்தேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன்.

அவள் ஒரு நீளத் தாளை எடுத்து ஆறு மாதத்தையும் எழுதிப் போட்டாள். முதல் மாதம் இருபத்தெட்டு எழுத்து. சொல்லின் முதலில், நடுவில், கடைசியில், தனியே நிற்கையில் என்று எழுத்தின் உருவம் மாறும், அதை எழுதி எழுதியே பழக வேண்டும். இரண்டாம் மாதம் அ, இ, உ ஒலிகளைக் காட்டும் உயிர்க்குறிகளோடு சத்தமாக வாசிப்பு. மூன்றாவதில் பெயர்ச்சொற்களும் சின்னச் சின்ன வசனங்களும், ஒரு நாளைக்கு ஏழு புதுச்சொல். நாலாவது வினைச்சொல்லுக்கு. பெரும்பாலான வினை மூன்று வேரெழுத்தில் நிற்கும், அந்த வேரைப் பிடித்தால்தான் அகராதியில் சொல்லைத் தேடலாம். ஐந்தாம் மாதம் குறி போட்ட சிறுவர் கதைகள், நாளைக்கு ஒரு பக்கம். ஆறாம் மாதம் குறிகள் இல்லாத சின்ன அறிவித்தல்கள், சுகம் விசாரிக்கும் கடிதங்கள்.

"வேலைக்குப் போற ஆளுக்கு இது போதும். பஸ்ஸில முக்கால் மணி, ராவைக்கு அரை மணி. ஒரு நாளும் விடப்படாது, ஞாயித்துக்கிழமை பழையதைத் திருப்பிப் பாக்கணும்" என்றாள். பிறகு, "ஆறு மாசத்துல புள்ளையள்ட கதைப் பொஸ்தகம் வாசிப்பீங்க. கோட்டுக் கடுதாசி, ஒப்பந்தம் அதெல்லாம் வேற வேல. அதுக்கு வருசக்கணக்கு ஈக்கி" என்றும் சொன்னாள். இருக்கு என்பது அவள் பேச்சில் ஈக்கி.

கேட்டேன். கேட்டும் ஒப்பந்தம் வாசிக்கத்தான் படிக்கிறேன் என்று சொல்லவில்லை. நாள் முழுக்கச் சட்டப் பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறவள் நான். அந்தத் தமிழே தமிழ் படித்தவர்களுக்கு விளங்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அரபில் அது சுகமாக இருக்கும் என்று எப்படியோ நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதமும் நான் கெட்டிக்காரிதான். பஸ்ஸில் ஜன்னலோர சீற் கிடைத்தால் கொப்பி மடியில் விரியும். வலமிருந்து இடமாகக் கை ஓடப் பழகிவிட்டது. அடுத்த எழுத்தோடு கை கோக்காத ஆறு எழுத்துகளை நான் பிடிவாதக்காரர் என்று கூப்பிட, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு நான் வாசிப்பேன், அவள் தொண்டைக்குள்ளிருந்து வரவேண்டிய சத்தங்களைத் திருத்துவாள். அவ்வளவு நெருக்கமான சிநேகிதி எனக்குக் கொழும்பில் வேறு இருக்கவில்லை.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் பையைக் கிளறிக் கொப்பியை எடுத்தான். பக்கம் பக்கமாக என் கையெழுத்தில் அரபு. நடுவில் மடித்து வைத்த ஆறு மாதத் திட்டம், மாதமும் கிழமையும் இலக்கமுமாக.

"மேக்க மொக்கத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

அரபு படிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். தமிழச்சிக்கு அரபு எதற்கு என்றான். அவனுக்கும் சும்மா ஒரு ஆசை என்று சொல்ல முடியுமா? பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. இரண்டு மணித்தியாலம் நின்றேன். பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, திட்டத் தாளை வைத்துக்கொண்டு கொப்பியைத் திருப்பித் தந்தார். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் சிநேகிதியிடம் சொன்னேன்.

விஷயத்தைக் கேட்டு அவள் கண் கலங்கினாள். அடுத்த நாள் தன் உம்மாவின் பழைய அரபுத்தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது அவர்களிடையே இருந்த வழக்கம். நம் ட, ப, ள போன்றவற்றுக்குக் கூடுதல் புள்ளி போட்டு எழுத்துச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"பஸ்ஸில இதைக் கொண்டு போங்க. மார்க்கப் பொஸ்தகம் மாதிரி ஈக்கி, ஒண்டும் கேக்க மாட்டானுகள். எழுத்து மறக்காம ஈக்க மட்டும்தான். பாடத்தை ஊட்டில படிக்கணும்."

அவள் சொன்னது சரி, அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஆனால் நான் அந்தப் புத்தகத்தில் விழுந்துவிட்டேன். எழுத்தைக் கூட்டிச் சத்தம் எழுப்பினால் உடனே பொருள் வருகிறது! நோன்பு, குணம், சமையல், பெண்களுக்குப் புத்திமதி எல்லாம் தடையில்லாமல் வாசித்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பதில் பெருமைகூட இருந்தது. வீட்டுக்குப் போனால் மின்வெட்டு, களைப்பு, பிள்ளையின் அழுகை. வினைச்சொல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போனது. நாலாம் மாதம் முழுக்க நான் வாசித்தது தமிழ்தான். அதை அரபு என்று எண்ணி என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

அவள் கண்டுபிடித்தாள். ஒரு மத்தியானம் நாலு வினைச்சொல் கேட்டாள், மூன்று பிழை.

"இது ஏமாத்து வேல. பொஸ்தகத்தத் திருப்பித் தாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேசையில் பொத்தென்று போட்டேன். ஐந்தாம் மாதத்தில் பாதி நாள் பேச்சில்லை. பிறகு பேசினோம், ஆனால் பாடம் பழையபடி ஓடவில்லை. சிறுவர் கதையில் ஆறு பக்கம் தாண்டியிருப்பேன். ஆறாம் மாதத்துக்கு நாங்கள் வரவேயில்லை.

தாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. அண்ணா வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசிக் கடைக்கு எடுப்பார். அண்ணி விளக்கை ஏற்றி வைத்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஒரு உயிர்க்குறி இல்லை. நெருக்கமான எழுத்து. நான் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். தெரியாத இடத்தில் வாயில் வந்த உயிரைப் போட்டேன். நிற்காமல் வாசித்தேன், நிறுத்தினால் தெரியாது என்று ஆகிவிடும். சம்பளம் என்ற சொல் தெரிந்தது, பக்கத்தில் இலக்கம், முந்தியதைவிடக் கூட. சாரதி என்று இருந்தது. நடுப் பந்தியில் பெரும்பாலானவை பிடிபடவில்லை. அதற்குள் விடுமுறை, டிக்கெட் என்ற இரண்டு சொற்கள் கண்ணில் பட்டன. இரண்டும் இருக்கின்றன என்றால் பழையபடிதான் என்று நானே முடிவுகட்டினேன்.

"என்ன எழுதியிருக்கு?" அண்ணி கேட்டாள்.

"சம்பளம் கூட. லீவும் டிக்கெட்டும் முந்தின மாதிரித்தான்."

"அப்ப அடுத்த மாசம் வருவாரோ?"

"ஓம்."

மறுநாள் என் சிநேகிதி கந்தோரில் பக்கத்து மேசையில்தான் இருந்தாள். தாள் என் கைப்பையில் இருந்தது. இரண்டு முறை பையைத் திறந்தேன். தாளில் அண்ணாவின் பெயர் இருந்தது, எங்கள் தகப்பனின் பெயரும். யார் இது என்று கேட்பாள். ஐந்து மாதமாகச் சொன்ன பொய் வெளியே வரும். பையை மூடினேன். பின்னேரம் அண்ணாவிடம், கையெழுத்து வையுங்கோ என்று சொன்னேன்.

அடுத்த மாதம் அண்ணா வரவில்லை. கடிதம்தான் வந்தது. புதுத் தாளோடு பழைய ஒப்பந்தம் முடிந்துபோனதாம், லீவு இனிப் புதுக்கணக்காம். பெயர் மீது இருந்த பயமெல்லாம் அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. விடிந்ததும் தாளைக் கொண்டுபோய்ச் சிநேகிதியின் மேசையில் வைத்தேன்.

அவள் விரலை வைத்து வாசித்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

"கையெழுத்து வச்ச நாள்ல ஈந்து மூணு வருசம் வேல செஞ்சாத்தான் லீவும் டிக்கெட்டும். பழைய ஒப்பந்தத்துல வரவேண்டிய லீவை இதோட விட்டுக் குடுக்காரு. எழுத்துல தெளிவா ஈக்கி." பிறகு பெயரைப் பார்த்தாள். "இது யாரு?"

"என்ரை அண்ணா."

அவள் தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள். அரபுத் தாள் கொண்டுவருகிற எத்தனையோ பேருக்குச் சும்மா வாசித்துச் சொல்லியிருக்கிறாளாம். "ஆறு மாசம் பக்கத்துல ஈந்து சோறு திண்டோம். நான் யாரிட்டச் சொல்லப் போறன் எண்டு நெனச்சீங்க?" என்று கேட்டாள். பொலிசுக்கு என்ற உண்மையான பதிலை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடம் என்றதையும், எனக்கு நடுப் பந்தி விளங்கவில்லை என்றதையும், விளங்காதது அப்போதே எனக்குத் தெரியும் என்றதையும். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பிள்ளையின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து மற்றவற்றோடு அடுக்கி வைத்தாள்.

"நீர் அண்டைக்கு எவ்வளவு வடிவா வாசிச்சனீர்" என்றாள்.