பதினாலாம் நிமிடத்து வெட்டு

என் தங்கை வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எடிட்டிங் அறையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்ட அப்பாவை வென்றாள். கேமரா கார்டுகளைக் கணினியில் ஏற்ற மட்டும் சேர்த்துக்கொண்ட இடத்தில், ஆறு வருடம் நான்கு மாதம் பொறுத்து, எடிட்டர் நாற்காலியை வென்றாள். கடைசியாகத் தன் பிடிவாதத்தையும் வென்றாள். அதற்குள் எங்கள் உயிரை வாங்கிவிட்டாள்.

அரை மணி நேர ஆவணப்படம் அது. ஓய்வூதியத்துக்காக ஓர் அலுவலகத்தில் பதினொரு மாதம் காத்திருந்த பெரியவரைப் பற்றியது. அதுவரை அவள் வெட்டிய படங்களிலெல்லாம் எடிட்டர் என்று இயக்குநர் பெயர்தான் வந்தது. இதில் அவள் பெயர் வரும் என்று பேச்சு.

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கேமரா அசையவில்லை. நடுவில் போன நேரத்தை வெட்டி எறிந்து ஒட்டினால், ஆள் அதே இடத்தில் சட்டென்று எகிறுவார். ஜம்ப் கட் என்பார்கள். நேரம் போவது தெரிய வேண்டும் என்று பெஞ்சில் நான்கு வைத்திருந்தாள்.

படத்தை ஒளிபரப்பவிருந்த டிவி சேனலில் அதைச் சரிபார்க்கும் அதிகாரி ஐந்து இடங்களைக் குறித்து அனுப்பிவிட்டார்: "காட்சி எகிறுகிறது. பிழை. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தவும்."

"சுவர்க் கடிகாரம், ஃபைல் கட்டு, ஏதாவது ஷாட்டைப் போட்டு அஞ்சையும் மூடு" என்றார் இயக்குநர். "முடியாதுன்னா சொல்லு, நானே உட்கார்ந்து முடிச்சிடறேன். பேரும் என் பேராவே இருந்துட்டுப் போகட்டும்."

மூன்று நாள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. "அது பிழை இல்ல, பாணி!" என்று இட்ட சோற்றைத் தொடாமல் கத்துவாள். அம்மா, "பாணியோ பானையோ, முதல்ல சாப்பிடுடி" என்பாள். அதற்கும் சண்டை.

நான் வீட்டு மின்வேலை செய்பவன். புதன்கிழமை மதியம் அவளுடைய எடிட்டிங் அறையில் ஒரு பிளக்கை மாற்றப் போனேன். பிடித்து உட்காரவைத்துப் படத்தைப் போட்டாள். பதினாலாம் நிமிடத்தில் பெரியவர் தலை வெடுக்கென்று எகிறியது. எழுந்து போய்த் திரைக்குப் பின்னால் ஒயரை அசைத்துப் பார்த்தேன்.

"அண்ணா! என்ன பண்ற?"

"ஒயர் லூசு."

"லூசு நீதான்! அது நான் வச்ச ஜம்ப் கட்டு!"

"நீ வச்சதுன்னு எனக்கு யார் சொன்னா? பதிமூணு நிமிஷம் வழுவழுன்னு போச்சு. திடீர்னு தலை மட்டும் இம்மி திரும்புது. ஃபேன் சத்தமும் டக்குனு அறுந்துபோச்சு. ஒயர்னுதான் நினைப்பேன்."

அவள் மூக்கு விடைத்தது. "அப்ப மூணாவது கட்டுக்கு ஏன் எழுந்திரிக்கல?"

"அதுல மனுஷன் பெஞ்சோட அந்தக் கோடியில தூங்கிட்டிருந்தார். ரொம்ப நேரம் போச்சுன்னு புரிஞ்சுது."

அதிகாரி குறித்த ஐந்தாவது இடத்தைப் போட்டாள். அது பெஞ்சு இல்லை. பெரியவர் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்; பேச்சின் நடுவில் தோள் குதிக்கிறது.

"இது எதுக்கு?"

"இருமினார். எடுத்துட்டேன்."

"அப்ப இது காத்திருக்கறதுக்காக வச்சது இல்ல. இருமலை மறைக்கறதுக்கு."

"பிளக்கை மாட்டிட்டுக் கிளம்பு" என்றாள்.

நான் கிளம்பவில்லை; நான் இருக்கும்போதே படத்தைத் திருத்தினாள். பெஞ்சின் முதல் இரண்டு ஜம்ப் கட்டுகளிலும் இன்னும் நிறைய நேரத்தை வெட்டினாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் அடுத்த நொடி முழங்காலில் முகம் புதைத்திருந்தார். ஃபேன் சத்தத்தை அறுபடாமல் நான்குக்கும் அடியில் ஓடவிட்டாள். படத்தின் முதல் நிமிடத்திலேயே, அலுவலக வாசலில் அவர் நிற்கும் இடத்தில், புதிதாக ஒரு ஜம்ப் கட் வைத்தாள்; பார்ப்பவர் கண் அங்கேயே பழகிவிடும். இருமல் இருந்த இடத்தில் அவர் ஃபைலைப் பிடித்திருக்கும் கைகளைப் போட்டு மூடினாள். ஓரிடத்தை மூடவேண்டி வந்ததற்கு என்னை முறைத்தாள், இருமியவன் நான் என்பது போல.

மறுநாள் காலை அதிகாரி அவள் அனுப்பிய புதிய பிரதியைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். இயக்குநர் ஸ்பீக்கரில் போட்டார்.

"இப்ப வேணும்னே செஞ்ச மாதிரிதான் இருக்கும்மா. ஆனா எங்க ஃபார்மில எகிறினா பிழைதான். அஞ்சு இடத்தோட நேரத்தையும் எழுதி, தெரிஞ்சே செஞ்சதுன்னு எடிட்டர் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. பின்னால கேள்வி வந்தா கையெழுத்துப் போட்டவர் தலைதான் உருளும்."

இயக்குநர் பேனாவை மேசையில் உருட்டிவிட்டார். "என் தலையை நான் கொடுக்க மாட்டேன். நீ சொன்ன பாணி, நீயே போடு."

ஐந்து நேரங்களையும் நொடி பிசகாமல் எழுதினாள். 'எடிட்டர்' என்ற சொல்லுக்கு மேலே அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2019 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை.