இருட்டுக்கு மார்க் கிடையாது

ஒரு காலத்தில் அவருக்குப் பட்டப்பெயர் மைக்ராஸ்கோப் வாத்தியார். வெங்காயத் தோலை உரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடமாட்டார். ஆனால் பொதுத்தேர்வில் செய்முறைக்கு மார்க் கிடையாது. செல்லின் படத்தை வரைந்து பாகம் குறித்தால் போதும், முழு மார்க்.

"அதை நூறு தடவை வரையச் சொல்லுங்க சார். ஆய்வகத்துல ஏன் நேரத்தைத் தொலைக்கிறீங்க?" என்றார் தலைமையாசிரியை.

அவரும் ஆய்வகத்துக்குப் பூட்டுப் போட்டார். தேர்ச்சி ஏறியது. பள்ளிக்கூடமே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறைதான்.

ஓய்வு பெறும் வருஷத்தில் மனசு அரித்தது. இந்தப் பிள்ளைகளும் ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று பூட்டைத் திறந்து, மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலை வைத்தார்.

"குனிஞ்சு பாருங்க. தெரியறதை வரைங்க."

வரிசையாக வந்து கண்ணை வைத்தார்கள். ஒவ்வொரு தாளிலும் செல்சுவர், உட்கரு, அம்புக்குறி, எல்லாம் அச்சு பிசகாமல் இருந்தன. மனுஷன் பூரித்துப்போய்த் தானும் குனிந்து பார்த்தார். கும்மிருட்டு. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வெளிச்சம் வாங்கும் கண்ணாடியைச் சன்னல் பக்கம் திருப்ப மறந்திருந்தார்.

"ஏம்மா, உனக்கு என்னதான் தெரிஞ்சுது?" என்று முதல் மார்க் வாங்கும் பெண்ணைக் கேட்டார்.

"இருட்டா இருந்துச்சு சார்."

"அப்புறம் ஏன் இதை வரைஞ்சே?"

"இருட்டை வரைஞ்சா மார்க் போடுவாங்களா சார்?"

அவள் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டாள். அப்படிக் கேட்கப் பழக்கியதும் அவர்தானே.

கண்ணாடியைத் திருப்பினார். "இப்ப வாங்க, தெரியுது" என்பதற்குள் மணி அடித்தது. அடுத்தது மாதிரித் தேர்வு. பிள்ளைகள் பறந்துவிட்டார்கள். வெங்காயத் தோல் காயும்வரை அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.